புரோஷரின் மூன்றாம் பக்கம்

சென்ற வருடம் ஆனி மாதம் ஒரு புரோஷர் என் கைக்கு வந்தது. பதினான்கு பக்கம், பளபளப்புத் தாளில் எடுத்த மாதிரிப் பிரதி. மட்டக்களப்பில் கல்லடிக்கு வடக்கே, நாவலடிப் பக்கமாக, கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணல் நிலத்தில் 3 ஏக்கர் காணி, அதில் 28 வீடுகள். அவற்றைக் கட்டி விற்கிற கம்பனிக்காரர், அச்சகத்துக்குப் போகமுன் தமிழை ஒருதரம் பார்த்துத் தரும்படி கேட்டிருந்தார்கள். எழுத்துப்பிழை பார்ப்பதற்குத்தான் கூப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் இருபது வருடம் படவரைஞராக வேலை செய்தவனுக்கு, ஒரு வீட்டுத்திட்டத்தின் புரோஷரை வெறும் எழுத்துப்பிழைக்காக வாசிக்க வராது. அதனால் முதலில் அவர்களிடம் ஒன்றைக் கேட்டேன்: இந்தத் திட்டத்துக்கான ஃபைல் முழுவதையும் தாருங்கள், அது இல்லாமல் நான் ஒரு வரியையும் திருத்த மாட்டேன்.

நான் இவ்வளவு பிடிவாதமாக நின்றதற்கு என் சின்னம்மாதான் காரணம். அவ 2014இல் அம்பாறைக் கரையோரத்தில் ஒரு காணித் துண்டு வாங்கினா, பத்துப் பேர்ச். ஓய்வூதியக் காசு, அதோடு கனடாவிலுள்ள மகன் அனுப்பியதும் சேர்த்து. "அனுமதி பெற்ற வரைபடம்" என்று துண்டுப்பிரசுரத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது, கையில் தந்த வரைபடத்திலும் முத்திரையும் கையொப்பமும் இருந்தன. நான்கு வருடம் கழித்து வீடு கட்டப் படம் கீறிக்கொண்டு உள்ளூராட்சிச் சபைக்குப் போனபோதுதான் தெரிந்தது, அந்தக் கையொப்பம் நில அளவையாளருடையது. அவர் காணியை அளந்து, துண்டுகளின் எல்லையும் பரப்பும் சரி என்று ஒப்பமிட்டிருக்கிறார், அது அவருடைய வேலை. காணியை அப்படிப் பிரிப்பதற்குச் சபையின் அனுமதியை யாருமே எடுக்கவில்லை. பிரிப்புக்கே அனுமதி இல்லாத துண்டில் வீட்டுப் படத்துக்கு எப்படி அனுமதி தருவது என்று கேட்டார்கள், அவர்கள் கேட்டதிலும் பிழை இல்லை. "நான் சீல் இருக்குது எண்டுதானே மனே பார்த்தன்" என்று சின்னம்மா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

சரி, இந்த ஃபைலுக்கு வருவோம். புரோஷரின் மூன்றாம் பக்கத்தில் பச்சை நிறப் பட்டையில் ஒரு வரி: "அனைத்து அனுமதிகளும் பெறப்பட்டவை." பக்கத்தில் நகர அபிவிருத்தி அதிகார சபையின் இலச்சினை, ஒரு வங்கியின் இலச்சினை. நான் ஃபைலைத் திறந்து, அந்த ஒரு வரிக்குக் கீழே எத்தனை கடதாசிகள் இருக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடினேன்.

இருந்தது இவ்வளவுதான். நகர அபிவிருத்தி அதிகார சபையின் பூர்வாங்கத் திட்டமிடல் அனுமதிக் கடிதம் ஒன்று. காணியைத் துண்டு பிரிக்கும் விண்ணப்பத்தை மாநகர சபையில் கொடுத்துப் பணம் கட்டிய பற்றுச்சீட்டு ஒன்று. கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு அனுப்பிய விண்ணப்பத்தின் பிரதி. வீடுகளைக் கட்டுவதற்கான அனுமதிப்பத்திரம் ஒன்றுகூட இல்லை, அதற்கு விண்ணப்பிக்கவும் இல்லை.

பூர்வாங்க அனுமதி என்றால் என்ன என்பதில்தான் முதல் குழப்பம். இந்தக் காணியில் இந்த வகைத் திட்டத்தைச் செய்யலாம், இன்ன இன்ன நிபந்தனைகளுக்கு உட்பட்டு விரிவான படங்களைச் சமர்ப்பியுங்கள் என்று சொல்லும் கடிதம் அது. அதற்குக் காலவரையறையும் உண்டு. அதை வைத்துக்கொண்டு ஓர் அத்திவாரம்கூட வெட்ட முடியாது, வெட்டுவதற்கு அபிவிருத்தி அனுமதிப்பத்திரம் வேண்டும். கட்டி முடிந்த பிறகு, எல்லோரும் சீஓசி என்று சொல்லும் இணக்கச் சான்றிதழ் வேண்டும். அனுமதித்த படத்தின்படிதான் கட்டடம் எழும்பியிருக்கிறது என்பதற்கான சாட்சி அது, அது இல்லாமல் புதுக் கட்டடத்தில் குடியிருக்கக் கூடாது என்பது 1915ஆம் ஆண்டு வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்திலிருந்தே இருக்கிற விதி. ஆக, "அனுமதி" என்ற ஒரே சொல்லுக்குள் தொடக்கத்தில் வருவது, நடுவில் வருவது, கடைசியில் வருவது என்று குறைந்தது மூன்று வேறு விடயங்கள் இருக்கின்றன. புரோஷர் எழுதுகிறவர் முதலாவதை வைத்துக்கொண்டு மூன்றையும் சொல்லிவிடுகிறார்.

இந்தக் காணிக்குக் கடல் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி, சராசரி உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீட்டர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டடம் போன்ற அபிவிருத்தி வேலைகளுக்குத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். நில அளவைப் படத்தில் கடற்கரைக் கோட்டிலிருந்து அளந்து பார்த்தேன். முன் வரிசையிலுள்ள 9 துண்டுகள் கடலிலிருந்து அளக்கும் அந்த 300 மீட்டருக்குள் விழுந்தன, மற்ற 19ம் அதற்கு வெளியே. அப்படியென்றால் 9 வீடுகளுக்கு ஒரு நிலைமை, 19 வீடுகளுக்கு வேறொரு நிலைமை. முன்பணம் கட்ட வருகிற ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று யோசியுங்கள். இந்தத் திட்டு 2004 மார்கழி 26இல் என்ன பட்டது என்று இங்கு யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை, கடலோரத்து அனுமதியை வெறும் கடதாசிச் சடங்காக எங்கள் சனம் நினைக்காது. ஆனால் எந்தத் துண்டு எந்த வலயத்தில் இருக்கிறது என்று புரோஷர் சொன்னால்தானே அவர்கள் கேட்க முடியும்?

வங்கியின் இலச்சினை பற்றியும் கேட்டேன். விற்பனைப் பகுதியிலிருந்து வந்த தம்பி, நல்ல பிள்ளை, மறைக்கத் தெரியாதவர், சொன்னார்: "அண்ணே, வாங்குறவைக்குக் கடன் பார்க்கலாம் எண்டு மனேஜர் சொன்னவர்." அது வங்கியின் அங்கீகாரம் அல்ல. ஒவ்வொரு கடனுக்கும் வங்கியின் சட்டத்தரணி உறுதியின் வரலாற்றைப் பின்னோக்கிப் பார்த்து, கடன் கேட்பவரின் வருமானத்தையும் பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள். இலச்சினையை எடுத்துவிடச் சொன்னேன், எடுத்தார்கள். இதில் அதிகம் மினக்கெட வேண்டியிருக்கவில்லை.

பச்சைப் பட்டை வரிதான் கஷ்டம். "அண்ணே, அனுமதி வரும்தானே, இப்ப பரிசீலனையில் எண்டு போட்டா ஆர் வாங்குவினம்?" என்று தம்பி கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி, அதற்கு நான் சும்மா பதில் சொல்லவில்லை. இந்தியாவில் 2016இல் வந்த வீட்டுமனைச் சட்டப்படி, பதிவு செய்யாத திட்டத்தை விளம்பரம் செய்யவே முடியாது, விளம்பரத்தில் அந்தப் பதிவு இலக்கமும் இருக்க வேண்டும். வாங்குகிறவர் அந்த ஓர் இலக்கத்தை வைத்துக்கொண்டு அதிகாரசபையின் தளத்தில் மீதி எல்லாவற்றையும் பார்க்கலாம். இங்கே நமக்கு அப்படி ஒரே ஓர் இலக்கம் இல்லை. அதனால் ஒவ்வோர் அனுமதியையும் அதன் பெயர், தந்த அலுவலகம், இலக்கம், திகதி, எந்தத் துண்டுகளுக்கு என்று தனித்தனியாகச் சொல்வதைத் தவிர வேறு வழி இல்லை. அப்படிச் சொன்னால் வாங்குகிறவர் அந்த இலக்கத்தோடு நேரே மாநகர சபைக்குப் போய்க் கேட்கலாம். இலக்கம் இல்லாத அனுமதியை யாரிடம் போய்க் கேட்பது?

பச்சைப் பட்டைக்குப் பதிலாக நான் எழுதிக் கொடுத்தது இப்படி இருந்தது: "நகர அபிவிருத்தி அதிகார சபையின் பூர்வாங்கத் திட்டமிடல் அனுமதி கிடைத்துள்ளது, அதன் இலக்கமும் திகதியும் கீழே. காணிப் பிரிப்புக்கான விண்ணப்பம் மாநகர சபையில் பரிசீலனையில் உள்ளது. 1 முதல் 9 வரையான துண்டுகள் கரையோர வலயத்துக்குள் உள்ளன, அவற்றுக்கான அனுமதி இன்னும் கிடைக்கவில்லை. வீடுகளுக்கான கட்டட அனுமதி இன்னும் பெறப்படவில்லை." அதிகார சபையின் இலச்சினையையும் எடுக்கச் சொன்னேன். கடிதம் தந்த ஓர் அலுவலகத்தின் இலச்சினையை அச்சிட்டால், அந்த அலுவலகமே இந்தத் திட்டத்துக்குப் பொறுப்பு நிற்பதுபோல ஒரு தோற்றம் வருகிறது.

அதே பக்கத்தில் "குடியிருப்பாளர்களுக்கே உரிய தனிப் பூங்கா" என்று ஒரு வரி இருந்தது. படத்தில் அளந்தால் 38 பேர்ச். 3 ஏக்கர் என்றால் 480 பேர்ச், வீதிகளுக்கு 100 போனால் மிச்சம் 380, அதில் 38 என்பது சரியாகப் பத்து வீதம். ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைப் பிரிக்கும்போது வீதிகள் நீங்கலாகப் பத்து வீதத்தைத் திறந்த வெளியாக விட வேண்டும் என்பது திட்டமிடல் ஒழுங்குவிதி. விதிப்படி விட வேண்டிய நிலத்தைக் கம்பனி தன் கையிலிருந்து தரும் பரிசுபோல விற்கக் கூடாது. "திறந்த வெளி, 38 பேர்ச்" என்று மட்டும் போட்டோம்.

இனித் திகதி. எட்டாம் பக்கத்தில் பெரிய எழுத்தில்: "2027 சித்திரைப் புத்தாண்டுக்கு உங்கள் புதுமனையில்!" அழகான வரி. எங்கள் ஆட்களுக்கு இது எங்கே போய்த் தொடும் என்று எழுதியவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது, சூரிச்சில் இருக்கிற ஒருவர் இந்த வரியைப் பார்த்ததும் ஏப்ரலில் விமான டிக்கெட் என்ன விலை என்று தேடத் தொடங்கிவிடுவார்.

பொறியியலாளரைக் கூப்பிட்டு இந்தத் திகதி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அவர் தந்த வேலைத்திட்டத்தில் 18 மாதம் என்று இருந்தது. ஏழு ஏழு வீடாக நான்கு தொகுதி, ஒவ்வொரு தொகுதிக்கும் 12 மாதம், ஒரு தொகுதி தொடங்கி இரண்டு மாதத்தில் அடுத்த தொகுதி. கணக்கு சரி. ஆனால் அவருடைய 18 மாதம் தொடங்குவது கட்டட அனுமதி கையில் வந்த நாளிலிருந்து. விற்பனைப் பகுதி 2025 ஐப்பசியில் அனுமதி வந்துவிடும் என்று தாங்களாகவே வைத்துக்கொண்டு, அங்கிருந்து 18 மாதத்தை எண்ணிச் சித்திரைக்கு வந்து நின்றிருக்கிறது.

ஐப்பசியில் அனுமதி வந்தாலும் என்ன நடக்கும்? கார்த்திகை, மார்கழி, தை, மட்டக்களப்பில் மாரி. வாவியோரத்து மணலில் அந்த மாதங்களில் மூன்றடி தோண்டினாலே தண்ணீர் ஊறும், அத்திவாரக் கிடங்கும் மலசலகூடக் குழியும் வெட்டின கையோடு இடிந்து விழும். பொறியியலாளரும் அதை ஒத்துக்கொண்டார். உண்மையாகவே எப்போது தொடங்கலாம் என்று கேட்டபோது, காணிப் பிரிப்பு அனுமதி வந்து, பிறகு கட்டட அனுமதி வந்து, மழையும் ஓய்ந்து, 2026 மாசி என்றார். அப்படியென்றால் முதல் ஏழு வீடும் 2027 மாசியில் முடியும், கடைசி ஏழு வீடும் 2027 ஆவணியில். அதற்குப் பிறகு மின்சார சபையின் இணைப்பு, நீர் வழங்கல் சபையின் இணைப்பு, சீஓசி. அதற்கு மூன்று மாதம் வைத்தால் கார்த்திகை வந்துவிடுகிறது. அதே மூன்று மாதத்தை முதல் தொகுதிக்கு வைத்தாலும் வைகாசி. ஆக, முதல் தொகுதியில் வீடு எடுத்தவர்களால்கூட சித்திரைப் புத்தாண்டுக்குப் பால் காய்ச்ச முடியாது. 28 பேருக்கும் அந்த வரி பொய்.

இதற்கு எல்லோரும் வழக்கமாகச் செய்கிற திருத்தம், "அனுமதி கிடைத்த நாளிலிருந்து 18 மாதங்கள்" என்று மாற்றிவிடுவது. கம்பனியின் சட்டத்தரணியும் அதைத்தான் சொன்னார். அது பொய் இல்லை, ஆனால் வாங்குகிறவரின் கையில் அது ஒரு திகதியே இல்லை. அனுமதி எப்போது வரும் என்பது அவருக்குத் தெரியாது, அதை விரைவுபடுத்தவும் அவரால் முடியாது. இரண்டு வருடம் அனுமதியே வராவிட்டாலும் கம்பனி வாக்குத் தவறவில்லை என்றாகிவிடும். அதனால் இரண்டும் வேண்டும் என்றேன். எதிர்பார்க்கும் திகதி தொகுதிவாரியாக, அது எதை நம்பியிருக்கிறது என்ற குறிப்போடு. அதோடு, எது நடந்தாலும் தாண்டக் கூடாத ஒரு கடைசித் திகதி, தாண்டினால் வாங்கியவருக்கு என்ன உரிமை என்ற வரியோடு. நீண்ட பேச்சுக்குப் பிறகு 2028 பங்குனி 31 என்று ஒத்துக்கொண்டார்கள். அதற்குள் கையளிக்காவிட்டால் கட்டிய பணத்தை வட்டியோடு திருப்பி வாங்கலாம்.

இதைப் புரோஷரில் மட்டும் போட்டால் போதாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடி தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்கும் உடன்படிக்கை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுத்தில் இருந்தால்தான் செல்லும். புரோஷரில் என்ன போட்டிருந்தாலும், கையெழுத்து வைக்கும் உடன்படிக்கையில் அந்தத் திகதி இல்லையென்றால் நீதிமன்றத்தில் நிற்க மிகக் கஷ்டம். அதனால் உடன்படிக்கையின் வரைவையும் வாங்கிப் பார்த்தேன். அதில் கையளிப்புத் திகதியே இல்லை! "நியாயமான காலத்துக்குள்" என்று மட்டும் இருந்தது. கீழே, கம்பனியின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணங்களின் பட்டியலில் "சீரற்ற காலநிலை" இருந்தது. சூறாவளி என்றால் சரி, 1978இல் அடித்ததை எங்கள் ஊர் மறக்காது. ஆனால் வருடா வருடம் வருகிற மாரியை எதிர்பாராதது என்று யார் சொல்வது? அதைச் "சூறாவளி, அரசு அறிவித்த அனர்த்தம்" என்று குறுக்கி, கடைசித் திகதியைப் பந்தி 6இல் சேர்த்த பிறகுதான் புரோஷரின் எட்டாம் பக்கத்தில் "உடன்படிக்கையின் பந்தி 6 பார்க்க" என்று எழுதினேன்.

அதே பக்கத்தில் கட்டணத் திட்டம். பதியும்போது 30 வீதம், மிச்சம் 18 மாதச் சம தவணை. பார்க்க இலேசாக இருக்கும். ஆனால் 2025 ஆனியில் பதிந்தவர் 2026 மார்கழியில் முழுப் பணத்தையும் கட்டி முடித்துவிடுவார். கடைசித் தொகுதி தொடங்குவதே 2026 ஆவணியில், ஆகவே அந்த மார்கழியில் அவருடைய வீடு நான்கு மாத வேலையில், சுவர் மட்டத்தில் நிற்கும். மேலே கூரை இல்லாத வீட்டுக்கு முழுப் பணம். கையளிப்புத் திகதியைச் சரிபார்க்கிற யாரும் கட்டண அட்டவணையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், தவணை நாட்காட்டியைப் பார்த்து ஓடுகிறதா, கட்டுமானத்தைப் பார்த்து ஓடுகிறதா என்று. அத்திவாரம், சுவர், கூரை, பூச்சு, கையளிப்பு என்று கட்டத்துக்குக் கட்டம் மாற்றச் சொன்னேன். இதற்குத்தான் அதிக எதிர்ப்பு வந்தது. கடைசியில் கையளிப்பின்போது 15 வீதம் என்று ஒத்துக்கொண்டார்கள், மற்றதெல்லாம் பழையபடியே. எனக்கு அதில் திருப்தி இல்லை. ஆனால் அட்டவணைக்குப் பக்கத்தில் ஒவ்வொரு தொகுதியும் எந்த மாதம் தொடங்கும் என்று போட வைத்தேன், பார்க்கிறவர் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கடைசியாக அட்டைப்படம். கணினியில் வரைந்த படம், மிக நன்றாக வரைந்திருந்தார்கள். வெள்ளை வீடு, பச்சைப் புல், அகன்ற வீதியில் இரண்டு கார், பின்னால் வாவி, வாவியின் மேல் உதிக்கிற சூரியன். அடியில் எறும்பு எழுத்தில் "கற்பனைப் படம்".

இந்த ஊர்க்காரர் எவரும் ஒரு நிமிடம் நின்று பார்த்தால் பிடித்துவிடுவார்கள். இந்தத் திட்டில் கடல் கிழக்கே, வாவி மேற்கே, வாவியின் மேல் சூரியன் மறையும், உதிக்காது. ஒரு சின்னப் பிழை என்று விடலாம், ஆனால் அந்தப் படத்தில் படுக்கையறைகளின் பெரிய கண்ணாடி யன்னல்கள் எல்லாம் வாவிப் பக்கம்தான் இருந்தன. காலை வெயிலாகக் காட்டியிருப்பது உண்மையில் பின்னேரம் மூன்று மணி வெயில், சித்திரை வைகாசியில் அந்த அறைக்குள் இருந்து பார்த்தால் தெரியும்.

பிறகு அளவு. கற்பனைப் படத்தை அளக்க ஒரு எளிய வழி இருக்கிறது. எந்தக் கதவும் ஏறக்குறைய 7 அடி உயரம், சாதாரணக் கார் ஆறடிக்குக் கொஞ்சம் குறைந்த அகலம். காரின் அகலத்தைக் குச்சியால் அளந்து, அதே இடத்தில் வீதிக்குக் குறுக்கே வைத்துப் பார்த்தேன், ஐந்து கார் அடங்கியது. அப்படியென்றால் கிட்டத்தட்ட 28 அடி வீதி. அனுமதிக்குக் கொடுத்த படத்தில் வீதி 20 அடி. வரவேற்பறைப் படத்தில் கதவு சரியாக இருந்தது, ஆனால் அந்தக் கதவோடு ஒப்பிட்டால் சோபா நாலடி நீளம்கூட இல்லை. தளபாடத்தைச் சுருக்கிவிட்டால் எந்த அறையும் பெரிதாகத்தான் தெரியும்.

படத்தில் இல்லாததையும் தேட வேண்டும். மின்கம்பம் இல்லை, ட்ரான்ஸ்ஃபோமர் இல்லை, வடிகான் இல்லை, பக்கத்து வீட்டின் மதில் இல்லை. முக்கியமாக, வீட்டுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற வேறொருவரின் காணி இல்லை. ஒரு காலை நேரில் போய்ப் பார்த்தேன். பின் வரிசை மதிலிலிருந்து தண்ணீர் வரை 85 மீட்டர், நடுவில் தென்னந்தோப்பு, வேலி போட்ட தனியார் காணி. அதில் நாளைக்கு மாடி எழும்பினால் வாவிக்காட்சி போய்விடும். தோப்புக்குள் தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா, "மாரிக்கு இந்த வேலி வரைக்கும் தண்ணி வரும் தம்பி, அதுக்கங்கால வாறது குறைவு" என்றா. எந்தக் கற்பனைப் படத்திலும் கிடைக்காத தகவல் அது.

படத்தை எடுக்கச் சொல்லவில்லை. கட்டாத வீட்டைக் காட்ட வரைந்த படம் தேவைதான். சூரியனையும் வீதியையும் தளபாடத்தையும் அனுமதிக்குக் கொடுத்த படத்தின்படி திருப்பி வரையச் சொன்னேன். அட்டையின் உள்பக்கத்தில், இன்றைய வெறுங்காணியின் நிழற்படத்தைத் திகதியோடு அதே அளவில் போடச் சொன்னேன். எறும்பு எழுத்துக்குப் பதிலாக, மற்ற எழுத்துகளின் அளவிலேயே, படத்துக்குப் பக்கத்தில்: "கணினியில் வரைந்த படம். வீதியின் அகலம் 20 அடி. மரங்களும் தளபாடங்களும் விலையில் அடங்கா. வாவி 85 மீட்டர் தூரத்தில் உள்ளது, இடையிலுள்ள காணி பிறருடையது." பொதுவாகக் "கற்பனைப் படம்" என்று சொல்லிவிட்டால் எதையும் சொல்லாததற்குச் சமம், எது எது மாறும் என்று பெயர் சொல்ல வேண்டும். "பாடும் மீன்களின் தாலாட்டில் உறங்குங்கள்" என்று பத்தாம் பக்கத்தில் இருந்த வரியில் நான் கை வைக்கவில்லை. அதை நம்பி யாரும் காசு கட்டப் போவதில்லை, எழுதியவருக்கு ஊர்மேல் அன்பு இருக்கிறது.

கடைசியாக அச்சு பற்றி ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. ஆயிரம் பிரதி அடித்துவிட்டால் அனுமதி நிலைமை மாறும்போது பழைய பிரதிகள் வெளியில் சுற்றிக்கொண்டிருக்கும். வாட்ஸ்அப்பில் போன பிரதி இன்னும் மோசம், ஒன்றரை வருடம் கழித்தும் யாராவது லண்டனில் திறந்து பார்ப்பார்கள். அதனால் மூன்றாம் பக்கத்தை மட்டும் தனித்தாளாக்கினோம், மேலே "2025 ஆடி 14 அன்றைய நிலவரம்" என்ற வரியோடு. ஒவ்வோர் அனுமதிக்கும் ஒரு வரிசை, இலக்கத்துக்கு ஒரு பெட்டி, திகதிக்கு ஒரு பெட்டி. கட்டட அனுமதியின் பெட்டியில் "விரைவில்" என்று போடலாமா என்று தம்பி கடைசியாக ஒருமுறை கேட்டார். "இல்லை" என்றே போடுவோம் தம்பி, வந்த அன்றைக்கு இலக்கத்தைப் போட்டுப் புதுத் தாள் அடிப்போம் என்றேன். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவரே அந்தச் சொல்லைத் தட்டினார்.